ஒரே கண்டெய்னரில் வந்த இரண்டு அடக்க விலைகள்

சீனாவின் நிங்போ துறைமுகத்திலிருந்து சென்னைக்கு வரும் ஒரு பிளாஸ்டிக் கருவிப்பெட்டியின் விலை, அனுப்பியவரின் பில்லில் 2 டாலர். டாலருக்கு 85 ரூபாய் என்று வைத்தால் 170 ரூபாய். அதே பெட்டி கிடங்கில் இறங்கி அடுக்கப்படும்போது அதன் அடக்கம் 291 ரூபாய் ஆகியிருக்கும். நடுவில் ஏறிய 121 ரூபாய் கப்பல் கூலி, காப்பீடு, சுங்கவரி, துறைமுகச் செலவு, லாரி வாடகை எனப் பல பில்களில் சிதறிக் கிடக்கிறது. அவை வெவ்வேறு நாட்களில், வெவ்வேறு நிறுவனங்களிடமிருந்து வருகின்றன. ஒவ்வொன்றும் வந்த அன்றே ஏதோ ஒரு செலவுத் தலைப்பில் எழுதப்பட்டுவிட்டால், சரக்குப் பதிவேட்டில் பெட்டியின் விலை 170 என்றே நின்றுவிடும். கடைக்காரர் அதை 260 ரூபாய்க்கு விற்றுவிட்டு 90 ரூபாய் லாபம் என்று நம்புவார். உண்மையில் ஒவ்வொரு பெட்டியிலும் 31 ரூபாய் கைவிட்டுப் போயிருக்கும்.

இந்த 291 எப்படி வந்தது என்பதைப் பார்க்க ஒரு கணக்கை முழுதாகப் போட்டுப் பார்க்கலாம். கைக்கருவி மொத்த வியாபாரி ஒருவர் இருபதடி கண்டெய்னர் ஒன்றில் இரண்டு பொருள்களை வரவழைக்கிறார் என்று கொள்வோம். ஒன்று ஸ்பேனர் செட். 4,000 செட், செட்டுக்கு 3 டாலர். இன்னொன்று காலிக் கருவிப்பெட்டி. 1,500 பெட்டி, பெட்டிக்கு 2 டாலர். ஸ்பேனர் முழுக்க இரும்பு, கனமானது, இடம் அதிகம் பிடிக்காது: மொத்தமாக 5 கன மீட்டர். பெட்டி எடையே இல்லாதது, ஆனால் உள்ளே காற்றைச் சுமந்துகொண்டு வருகிறது: 20 கன மீட்டர்.

ரூபாயில் ஸ்பேனரின் பில் தொகை 10,20,000. பெட்டியின் பில் தொகை 2,55,000. இரண்டும் சேர்ந்து 12,75,000. இது நிங்போவில் கப்பலில் ஏற்றும் வரையிலான விலை. அதற்குப் பிறகு எல்லாம் வாங்குபவர் தலையில். கப்பல் கூலி 1,500 டாலர், அதாவது 1,27,500 ரூபாய். காப்பீடு 5,000 ரூபாய். சுங்கத் துறை வரி போடுவது இவை மூன்றும் சேர்ந்த 14,07,500 ரூபாயின் மேல். அடிப்படைச் சுங்கவரி பொருளுக்குப் பொருள் மாறும். இங்கே இரண்டுக்கும் 10 சதவீதம் என்று எடுத்துக்கொண்டால் 1,40,750. அந்த வரித் தொகையின் மேல் இன்னொரு 10 சதவீதம் சமூக நல மேல்வரி. 2018 பட்ஜெட்டில் பழைய கல்வி மேல்வரிக்குப் பதிலாக வந்தது இது. ஆக இரண்டும் சேர்ந்து 1,54,825 ரூபாய். இதற்கும் மேலே ஐஜிஎஸ்டி 18 சதவீதம் என்றால் ஏறத்தாழ 2,81,000 ரூபாய்.

கடைசியாக, சென்னையில் ஆகும் செலவு. கப்பல் நிறுவனம் சரக்கை விடுவிக்கக் கேட்கும் உள்ளூர்க் கட்டணம், கண்டெய்னரை வைத்துப் பிரிக்கும் சிஎஃப்எஸ் நிலையத்தின் கையாளும் கட்டணம், கிளியரிங் ஏஜென்ட் கூலி, கிடங்குவரை லாரி வாடகை. ஜிஎஸ்டி நீங்கலாக மொத்தம் 60,000 என்று வைத்துக்கொள்வோம்.

இவற்றில் எது சரக்கின் அடக்கத்தில் சேரும், எது சேராது என்பதில் கணக்கியல் விதி தெளிவாகவே பேசுகிறது. இந்தியப் பட்டயக் கணக்காளர் கழகத்தின் சரக்கிருப்பு மதிப்பீட்டுத் தரம், அதாவது ஏஎஸ் 2, கொள்முதல் அடக்கத்தில் வாங்கிய விலை, திரும்பப் பெற முடியாத வரிகள், உள்வரும் கூலி, சரக்கை வாங்குவதற்கென்றே நேரடியாக ஆன பிற செலவு ஆகியவை சேரும் என்கிறது. பெரிய நிறுவனங்கள் பின்பற்றும் இண்ட் ஏஎஸ் 2-உம், அதற்கு மூலமான சர்வதேசத் தரம் ஐஏஎஸ் 2-உம் இதையேதான் சொல்கின்றன. சரக்கு இப்போது இருக்கும் இடத்துக்கும் நிலைக்கும் வருவதற்கு ஆன செலவு என்பதே அளவுகோல்.

இதில் பலரும் தடுக்கி விழுவது ‘திரும்பப் பெற முடியாத’ என்ற நிபந்தனையில்தான். சுங்கவரியும் மேல்வரியும் கட்டினால் போனதுதான். அவை அடக்கத்தில் ஏறும். ஐஜிஎஸ்டி அப்படி இல்லை. பதிவுபெற்ற வியாபாரி அதை உள்ளீட்டு வரியாக எடுத்து, தான் விற்கும்போது கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் கழித்துக்கொள்கிறார். ஆகவே அந்த 2,81,000 ரூபாய் சரக்கின் விலை ஆகாது. அரசிடமிருந்து வர வேண்டிய வரவு. ஏஜென்ட் பில்லிலும் கப்பல் நிறுவனத்தின் பில்லிலும் வரும் ஜிஎஸ்டிக்கும் இதே நியாயம்தான். இணக்கத் திட்டத்தில் இருக்கும் சிறு வியாபாரிக்கோ, வரிவிலக்குள்ள சேவை தரும் மருத்துவமனைக்கோ அந்த உள்ளீட்டு வரி கிடைக்காது. அவர்களுக்கு அதே ஐஜிஎஸ்டி முழுக்க அடக்கமாகிவிடும். ஒரே பொருள், ஒரே கப்பல், ஒரே வரி. வாங்கியவர் யார் என்பதைப் பொறுத்து அடக்கம் மாறுகிறது.

ஆக நம் வியாபாரியின் கண்டெய்னரில் அடக்கமாக ஏற வேண்டியது பில் விலை, கப்பல் கூலி, காப்பீடு, சுங்கவரியும் மேல்வரியும், உள்ளூர்ச் செலவு. கூட்டினால் 16,22,325 ரூபாய். பில் விலைக்கு மேல் ஏறியது 3,47,325. இதுவரை சிக்கல் எதுவும் இல்லை. சிக்கல், இந்தத் தொகையை ஸ்பேனருக்கும் பெட்டிக்கும் எப்படிப் பங்கிடுவது என்பதில் தொடங்குகிறது.

பெரும்பாலான கடைகளில் நடப்பது, பில் மதிப்பின் விகிதத்தில் பங்கிடுவது. ஸ்பேனர் மதிப்பில் 80 சதவீதம், பெட்டி 20 சதவீதம். கூடுதல் செலவையும் அப்படியே பிரித்தால் ஸ்பேனர் செட்டின் அடக்கம் 324 ரூபாய் 47 காசு, பெட்டியின் அடக்கம் 216 ரூபாய் 31 காசு. கணக்கு எளிது, கூட்டுத்தொகை சரி, தணிக்கையில் சட்டென்று கேள்வி வராது. ஆனால் அந்தக் கண்டெய்னரின் ஐந்தில் நான்கு பங்கு இடத்தை அடைத்துக்கொண்டு வந்தது பெட்டி. பெட்டி இல்லாவிட்டால் அந்த ஸ்பேனர்களுக்கு முழுக் கண்டெய்னரே தேவைப்பட்டிருக்காது. மற்றவர் சரக்கோடு சேர்த்து ஒரு மூலையில் அனுப்பியிருக்கலாம். கப்பல் கூலியை உண்டாக்கியது எதுவோ அதன்மேல்தான் கூலி ஏற வேண்டும்.

ஆகவே ஒவ்வொரு செலவுக்கும் அதன் காரணத்தைப் பார்த்துப் பங்கிடுவதே முறை. கப்பல் கூலியும், கண்டெய்னர் கணக்கில் வாங்கும் உள்ளூர்க் கட்டணங்களும் லாரி வாடகையும் இடத்தால் வருபவை. அவற்றை கன அளவின்படி பிரிக்க வேண்டும். (ஏஜென்ட் கூலி சிறு தொகை, அதையும் இதிலேயே சேர்த்தால் கணக்கு கெட்டுவிடாது.) காப்பீட்டுத் தொகை சரக்கின் மதிப்பைப் பார்த்துப் போடுவது, அது மதிப்பின்படி. சுங்கவரியைப் பங்கிடவே வேண்டாம். இறக்குமதிக்காகச் சுங்கத்தில் தாக்கல் செய்யும் பில் ஆஃப் என்ட்ரியில் ஒவ்வொரு பொருளுக்கும் தனித்தனி வரி அச்சாகியிருக்கும். அங்கே கப்பல் கூலியை இன்வாய்ஸ் மதிப்பின் விகிதத்தில் சேர்த்து வரி போடுவதுதான் வழக்கம். அப்படிப் போட்ட வரி ஸ்பேனருக்கு 1,23,860, பெட்டிக்கு 30,965. அந்த எண்களை அப்படியே எடுத்து எழுதிவிடலாம். இரண்டு பொருளுக்கும் வரி விகிதம் வேறுவேறாக இருக்கும்போது இது இன்னும் முக்கியம். 20 சதவீத வரியுள்ள பொருளின் பாரத்தை வரியே இல்லாத பொருள்மேல் ஏற்றுவதில் எந்த நியாயமும் இல்லை.

இப்படிப் பிரித்தால் ஸ்பேனரின் மேல் ஏறும் கப்பல் கூலி 25,500, உள்ளூர்ச் செலவு 12,000 மட்டுமே. செட்டின் அடக்கம் 296 ரூபாய் 34 காசு. பெட்டியின் மேல் கப்பல் கூலி 1,02,000, உள்ளூர்ச் செலவு 48,000 ஏறுகிறது. அதன் அடக்கம் 291 ரூபாய் 31 காசு. மொத்தம் அதே 16,22,325 தான். ஆனால் மதிப்பின்படி பிரித்தவர் ஸ்பேனரின் அடக்கத்தை 28 ரூபாய் கூட்டிக் காட்டி, பக்கத்துக் கடைக்காரரிடம் வாடிக்கையாளரை இழப்பார். பெட்டியை 260-க்கு விற்று 44 ரூபாய் லாபம் என்று மகிழ்ந்து, அடுத்த ஆர்டரில் பெட்டியைக் கூட்டுவார். நட்டம் தரும் பொருளை அதிகம் வாங்கத் தூண்டுவதுதான் தவறான பங்கீட்டின் மிகப் பெரிய தீமை என்று தயங்காமல் சொல்லலாம்.

டாலி போன்ற மென்பொருளில் கூடுதல் செலவைக் கொள்முதலோடு சேர்க்கும் வசதி இருக்கிறது. ஒவ்வொரு செலவுத் தலைப்பையும் உருவாக்கும்போதே அதை எண்ணிக்கையின்படி பிரிப்பதா, மதிப்பின்படி பிரிப்பதா என்று சொல்லிவிடலாம். கன அளவின்படி பிரிக்க வேண்டும் என்றால் அந்தப் பங்கை வெளியே கணக்கிட்டுக்கொள்ள வேண்டியிருக்கும். இதற்குத் தேவையான கன அளவு, அனுப்புநர் தரும் பேக்கிங் லிஸ்டில் பொருள்வாரியாக இருக்கிறது. அந்தத் தாள் பெரும்பாலும் ஏஜென்ட்டின் கோப்பிலேயே தங்கிவிடுகிறது, கணக்கரின் மேசைக்கு வருவதில்லை. அதைக் கேட்டு வாங்கினால் பாதி வேலை முடிந்தது.

ஆண்டு இறுதியில் இந்த எண்கள் இன்னொரு வகையில் பேசத் தொடங்குகின்றன. தமிழ்நாட்டில் பதினோராம் வகுப்புக் கணக்குப்பதிவியல் படித்த எவருக்கும் உள்தூக்குக் கூலி நினைவிருக்கும்: வியாபாரக் கணக்கின் பற்றுப் பக்கத்தில், கொள்முதலுக்குக் கீழே எழுத வேண்டும். அது சரியான பாடம்தான். பிழை, அந்தக் கணக்கின் எதிர்ப் பக்கத்தில் இறுதிச் சரக்கிருப்பை எழுதும்போது நேர்கிறது. கூலி முழுவதையும் பற்றில் வைத்துவிட்டு, மீந்திருக்கும் சரக்கை வெறும் பில் விலைக்கு மதிப்பிட்டால், விற்காத சரக்கைச் சுமந்துவந்த கூலியும் இந்த ஆண்டின் செலவாகிவிடுகிறது.

மார்ச் 31 அன்று ஸ்பேனரில் 1,000 செட்டும் பெட்டியில் 1,000 பெட்டியும் மீந்திருக்கின்றன என்று கொள்வோம். பில் விலைக்கு இருப்பு 4,25,000 ரூபாய். முழு அடக்கத்துக்கு 5,87,650. வித்தியாசம் 1,62,650 ரூபாய். அவ்வளவு லாபம் இந்த ஆண்டு குறைவாகவும், சரக்கு விற்கும் அடுத்த ஆண்டு அதே அளவு கூடுதலாகவும் தெரியும். இரண்டு ஆண்டையும் சேர்த்தால் சமன்தானே என்று சிலர் சொல்வதுண்டு. வங்கி கடன் வரம்பைத் தீர்மானிப்பது அந்த ஆண்டின் இருப்பையும் லாபத்தையும் பார்த்து. பங்காளிகள் லாபத்தைப் பிரித்துக்கொள்வதும் அந்த ஆண்டின் கணக்கைப் பார்த்து. நடுவில் ஒரு பங்காளி விலகினால் அந்த 1,62,650-இல் அவருக்குரிய பங்கு மற்றவர்களுக்குப் போய்விடும்.

ஒரு கடையில் இந்தப் பிழை இருக்கிறதா என்று கண்டுபிடிக்கப் பெரிய ஆய்வு தேவையில்லை. சரக்குப் பதிவேட்டில் ஒரு பொருளின் விலையை எடுத்து, இன்வாய்ஸின் டாலர் விலையால் வகுத்தால் போதும். விடை அன்றைய டாலர் மதிப்பாகவே வந்தால் கூலியும் வரியும் ஏறவில்லை. நம் பெட்டிக்கு 291-ஐ 2-ஆல் வகுத்தால் 145-க்கு மேல் வருகிறது; ஸ்பேனருக்கு 296-ஐ 3-ஆல் வகுத்தால் 99-க்குச் சற்றுக் குறைவு. ஒரே கண்டெய்னரில் வந்த எல்லாப் பொருளுக்கும் இந்த எண் ஒன்றாகவே இருந்தால், மதிப்பின்படி கண்ணை மூடிக்கொண்டு பிரித்திருக்கிறார்கள் என்று பொருள்.

சேர்க்கக் கூடாதவற்றைச் சேர்ப்பதும் இதே அளவு நடக்கிறது. ஆவணத்தில் ஒரு பிழை, சுங்கத்தில் ஒரு கேள்வி, கண்டெய்னர் பத்து நாள் கூடுதலாக நின்றுவிட்டது என்று வைப்போம். இலவச நாட்கள் முடிந்த பிறகு சிஎஃப்எஸ் தரை வாடகை கேட்கும். காலிக் கண்டெய்னரைத் தாமதமாகத் திருப்பியதற்குக் கப்பல் நிறுவனம் டிடென்ஷன் கேட்கும். 40,000 ரூபாய் போய்விட்டது. கையிலிருந்து போன பணம்தான். ஆனால் அதனால் சரக்கு ஓர் அடிகூட நகரவில்லை. வழக்கத்துக்கு மாறான விரயமும், சேமித்து வைக்கும் செலவும் அடக்கத்தில் சேராது என்பது விதி. அது அந்த ஆண்டின் நட்டம். அதைச் சரக்கில் ஏற்றி, விலையைக் கூட்டி, வாடிக்கையாளரிடம் வாங்கிவிடலாம் என்ற எண்ணம் தவறைக் கண்ணிலிருந்து மறைத்துவிடுகிறது. தனித் தலைப்பில் நட்டமாக நின்றால்தான், ஏன் இப்படி ஆயிற்று என்று முதலாளி ஏஜென்ட்டைக் கேட்பார். வரியைத் தாமதமாகக் கட்டியதற்கான வட்டியும் அபராதமும் இதே வரிசையில் வருபவை.

டாலர் ஏற்ற இறக்கமும் அப்படித்தான். சரக்கை 85 ரூபாய்க்குப் பதிவு செய்தாயிற்று. மூன்று மாதக் கடன் முடிந்து பணம் அனுப்பும்போது டாலர் 87. அந்த 15,000 டாலருக்கு 30,000 ரூபாய் கூடுதலாகப் போகிறது. ஏஎஸ் 11-இன்படி அது லாப நட்டக் கணக்குக்குப் போகும். கிடங்கில் இருக்கும் ஸ்பேனரின் விலை அதனால் கூடாது. வரிக் கணக்கில் சுங்கத் துறை தான் அறிவித்த மாற்று விகிதத்தையே எடுத்துக்கொள்ளும் என்பதால், பில் ஆஃப் என்ட்ரியில் உள்ள ரூபாய் மதிப்பும் கணக்குப் புத்தகத்து மதிப்பும் சற்று வேறுபடும். நம் எளிய கணக்கில் இரண்டுக்கும் 85 என்று வைத்தோம். நடைமுறையில், பில் ஆஃப் என்ட்ரியிலிருந்து வரித் தொகையை மட்டும் எடுக்க வேண்டும். சரக்கின் விலையை அங்கிருந்து எடுக்கக் கூடாது.

அதற்கு இன்னொரு காரணமும் உண்டு. கப்பல் கூலிக்கான ஆதாரத்தைக் காட்ட முடியாதபோது, 2007-ஆம் ஆண்டின் சுங்க மதிப்பீட்டு விதிகளின்படி ஏற்றுமதித் துறைமுக விலையில் 20 சதவீதத்தைக் கூலியாகக் கொள்வார்கள், காப்பீட்டுக்கு 1.125 சதவீதம். நம் கண்டெய்னருக்கு அப்படி நடந்தால், 1,27,500 ரூபாய்க்குப் பதிலாக 2,55,000 ரூபாய் கூலி என்று கொண்டு வரி போடப்படும். கூலியால் மட்டும் 14,025 ரூபாய் கூடுதல் வரி. புத்தகத்தில் கூலி உண்மையில் கொடுத்த 1,27,500-ஆகவே இருக்கும். கூடுதல் வரி மட்டும் அடக்கத்தில் ஏறும்.

பில்கள் ஒரே நாளில் வராததுதான் கணக்கரின் நிரந்தரத் தலைவலி. சரக்கு திங்கட்கிழமை கிடங்குக்கு வந்து புதன்கிழமை விற்பனையைத் தொடங்கிவிடும். சிஎஃப்எஸ் பில்லும் ஏஜென்ட்டின் பில்லும் அடுத்த மாதம் வரும். அதுவரை காத்திருந்தால் விற்ற சரக்கு குறைந்த அடக்கத்தில் வெளியேறிவிடும். நல்ல வழி, சரக்கு இறங்கும் நாளிலேயே முந்தைய கண்டெய்னர்களின் அனுபவத்தை வைத்து உத்தேசத் தொகையை ஏற்றிவிட்டு, அதே தொகையைச் செலுத்த வேண்டிய ஒரு தற்காலிகக் கணக்கில் வரவு வைப்பது. உண்மையான பில் வந்ததும் அந்தக் கணக்கில் தீர்க்க வேண்டும். 60,000 என்று போட்டது 66,000 என்று வந்தால், கூடிய 6,000-ஐ விற்ற சரக்குக்கும் மீந்த சரக்குக்கும் பிரிக்க வேண்டும். முழுவதையும் மீந்ததன் தலையில் கட்டினால், கடைசிப் பத்துப் பெட்டியின் விலை ஆகாயத்துக்குப் போய்விடும். இந்தத் தற்காலிகக் கணக்கில் பழைய கண்டெய்னர்களின் மிச்சம் மாதக்கணக்கில் தேங்கி நின்றால், யாரும் ஒத்துப்பார்க்கவில்லை என்று அர்த்தம்.

முழு அடக்கத்தையும் ஏற்றியபின் அந்த எண் எப்போதும் நிற்கும் என்று இருந்துவிடவும் முடியாது. கொரோனா காலம் இதை வலிக்கும்படி காட்டியது. நாற்பதடி கண்டெய்னருக்கான உலகச் சராசரிக் கூலியைக் காட்டும் ட்ரூரி குறியீடு 2021 செப்டம்பரில் 10,000 டாலரைத் தாண்டியது. அடுத்த ஆண்டே வேகமாகச் சரிந்தது. உச்சக் கூலியில் சரக்கு இறக்கியவர்களின் கிடங்கில் அந்தக் கூலி சரக்கோடு சேர்ந்து உட்கார்ந்திருந்தது. பின்னால் இறக்கிய போட்டியாளர் மலிவாக விற்கத் தொடங்கினார். சரக்கிருப்பை அடக்க விலை, விற்றால் நிகரமாகக் கிடைக்கும் விலை ஆகிய இரண்டில் குறைந்ததற்கே மதிப்பிட வேண்டும் என்ற விதி இங்கேதான் வேலை செய்கிறது. பொதுவாக இதைப் பொருள் பொருளாகப் பார்க்க வேண்டும். ஒன்றின் லாபத்தால் இன்னொன்றின் நட்டத்தை மூடக் கூடாது.

நம் பெட்டியின் சந்தை விலை 250-க்கு இறங்கிவிட்டது, விற்கும் செலவு 10 ரூபாய் என்றால், நிகரமாகக் கிடைப்பது 240. கன அளவின்படி 291 ரூபாய் 31 காசு என்று எழுதி வைத்தவர், மீந்த 1,000 பெட்டிக்கும் 51,310 ரூபாயை நட்டமாகக் குறைத்து எழுதுவார். மதிப்பின்படி 216 என்று எழுதியவருக்கு 240 லாபகரமான விலையாகத் தெரியும். ஒரு ரூபாய்கூடக் குறைக்க மாட்டார், அடுத்த கண்டெய்னருக்கும் பெட்டி ஆர்டர் போயிருக்கும்.

மார்ச் கடைசி வாரத்தில் இன்னும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஏற்றும் துறைமுகத்திலேயே பொறுப்பு கைமாறும் எஃப்ஓபி ஒப்பந்தத்தில், கப்பல் நிங்போவை விட்டுக் கிளம்பி மலாக்கா நீரிணையில் வந்துகொண்டிருந்தாலும், பொதுவாக அதில் உள்ள சரக்கு வாங்கியவருடையதே. கிடங்கில் இல்லை என்பதற்காக மார்ச் 31 இருப்பிலிருந்து அதை விடக் கூடாது. அதன் மேல் அதுவரை ஆன கப்பல் கூலியும் காப்பீடும் ஏறும். சென்னையில் இன்னும் கட்டாத சுங்கவரி ஏறாது. ஏப்ரலில் பில் ஆஃப் என்ட்ரி தாக்கலாகி வரி கட்டிய பிறகு அதையும் சேர்த்தால் போதும்.